அழுக்கை ஆறாகக் குறைக்கவும்

ஜூன் 2

டேய் தம்பி,

மொதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன், அப்புறம் திட்டு. ரெண்டு மாசம் முன்னாடி நீ எழுதின கடிதத்தை நான் பிரிக்கவே இல்ல. நாலா மடிச்சு, ஆடற மேசைக் காலுக்கு அடியில முட்டுக் குடுத்துட்டேன். கச்சிதமா இருந்துச்சு. உன் மாமனார் முன்னாடி நீ ஒன்பது வயசு வரைக்கும் படுக்கையை நனைச்சதைச் சொல்லிட்டேன்னு ரெண்டு வருஷம் முறுக்கிக்கிட்டு இருந்தியே, அந்தத் திட்டுதான் உள்ள இருக்கும்னு நினைச்சேன். முந்தாநாள்தான் எடுத்துப் படிச்சேன். மேசை இப்ப மறுபடி ஆடுது. எழுத்து கோணலா இருந்தா அதுதான் காரணம். நான் மூணாங்கிளாஸோட நின்னதும் ஒரு காரணம்.

திட்டே இல்லையேடா அதுல! உங்க அச்சகத்துல நெருப்புத் திருடன் கதையா நூறு கதை சேர்த்து ஒரு புத்தகம் போடறாங்கன்னும், உக்காந்து பிழை திருத்தறது நீதான்னும் எழுதியிருக்க. கடைசியில எனக்கு ஒரு விடுகதை வேற: "நல்லது செஞ்சவன் மாட்டிக்கறான், நன்மை அடைஞ்சவன் குளிர் காயறான், ஏன்?" அன்னிக்கே படிச்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இப்ப எனக்கு விடை வேணும். சீக்கிரம் வேணும்.

நடந்ததைச் சொல்றேன். எங்க லாண்டரியில நான் கூட்டித் துடைக்கறவ, டீ குடுக்கறவ. முதலாளி ரூம்ல எதையும் என் கண்ணுல படாம மறைக்க மாட்டாங்க. எனக்கு எழுத்து தெரியாதுன்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. நானும் அந்த மரியாதையைக் கெடுத்துக்கல. போன மாசம் பாய்லர் சோதிக்கறவர் வந்து, சுத்தியால தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு கருவியை வச்சுத் தகடு எவ்வளவு தடிமன்னு அளந்துட்டுப் போனார். அவர் காகிதம் வந்து பத்து நாளாச்சு. பாய்லர்காரர் போய்க் கேட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ எப்பவும் போல பாய்லர் முள்ளைப் பத்து கிலோவுக்கே ஏத்து"ன்னு மேனேஜர் சொல்லிட்டார். காகிதத்தை எடுத்து மேசை டிராயர்ல வச்சுக்கிட்டார்.

எனக்கு உறுத்தல்டா. அந்தப் பாய்லருக்கும் இஸ்திரி ஹாலுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவர்தான். அங்க பதினாலு பேர் நிக்கறாங்க.

மாப் குச்சி இருக்கே, அது உள்ள பொந்து. மேல இருக்கற ரப்பர் மூடியைக் கழட்டினா குழாய். மேனேஜர் அந்தப் பக்கம் போனப்ப டிராயர்ல இருந்த காகிதத்தைச் சுருட்டி அதுல போட்டேன். மேனேஜர் மூக்குக்குக் கீழயே துடைச்சுக்கிட்டே வெளிய வந்தேன். "அந்த மூலையையும் துடை"ன்னார். துடைச்சேன். கக்கூஸ்ல உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சு எழுதிக்கிட்டேன். மறுநாள் காலைல காகிதம் அதே டிராயர்ல, அதே பேனாவுக்கு அடியில. அவங்க சாமான் ஒரு துளி குறையல. நான் எழுதினதை மட்டும் கை கழுவற இடத்துல ஒட்டிட்டேன்.

எழுதினது இதுதான், பாரு, அழகா இருக்கு: "கொதிகலன் தகடு மெலிந்துவிட்டது. அழுக்கைப் பத்திலிருந்து ஆறாகக் குறைக்க வேண்டும். தவறினால் வெடிக்கும்."

பாய்லர்காரர் படிச்சார். நெருப்பைக் குறைச்சார். இஸ்திரிக்காரங்க பதினாலு பேரும் வெளிய வந்து நின்னாங்க. ஆறு கிலோவுக்கு முள்ளு இறங்கின அப்புறம்தான் உள்ள போனாங்க. முதலாளி வந்து முள்ளைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டார்.

அவ்வளவுதான். எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் மட்டும் நடுங்கிக்கிட்டு இருக்கேன். யார் ஒட்டினதுன்னு மேனேஜர் தேடறார்.

உன் அக்கா

---

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அச்சகத்தில் நின்றபடியே படித்தேன். ஃபோர்மேன் "யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன்.

முதலில் ஒன்று. அது அழுக்கு இல்லை அக்கா. அழுத்தம். கொதிகலனுக்கு உள்ளே நீராவி தகட்டைத் தள்ளுகிறதே, அந்த அழுத்தம். நீ "அழு" வரைக்கும் படித்திருப்பாய். மிச்சத்தை இருபது வருஷம் லாண்டரியில் இருந்த கை தானாக எழுதியிருக்கிறது. பதினோரு வருஷமாகப் பிழை திருத்துகிறேன், எனக்குத் தெரியும்: சரியாக எழுதியது யாருடையதாகவும் இருக்கலாம், பிழை ஒரே ஒருவருடையதுதான். நீ அந்தச் சுவரில் உன் கைரேகையை ஒட்டியிருக்கிறாய்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வேறு எதுவும் எழுதாதே. பால்காரருக்குச் சீட்டுக்கூட எழுதாதே.

விடை கேட்டாய். சொல்கிறேன்.

புத்தகத்தில் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மாட்டைத் தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் பங்கு போடுகிறார்கள். மனிதர் பக்கம் நின்ற ஒரு பழைய தேவன் தந்திரம் செய்கிறான். நல்ல கறியை வயிற்றுப் பைக்குள் மறைத்து அசிங்கமாக வைக்கிறான். வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி அழகாக வைக்கிறான். தலைமைத் தேவன் அழகானதை எடுத்துக்கொள்கிறான். உள்ளே எலும்பு. அந்தக் கோபத்தில் அவன் மனிதர்களுக்கு நெருப்பு கிடைக்காமல் ஒளித்து வைக்கிறான். அதைத்தான் பழைய தேவன் திருடுகிறான். எதில் வைத்துத் திருடினான் தெரியுமா? பொந்தாக இருக்கும் ஒரு செடியின் தண்டுக்குள். உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற சோற்றில் கனல் மெல்லப் புகைந்துகொண்டே வரும், வெளியே தெரியாது. உன் மாப் குச்சியைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

அவனைப் பாறையில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். பகலில் கழுகு வந்து அவன் ஈரலைத் தின்னும். ராத்திரியில் ஈரல் வளர்ந்துவிடும். மறுநாளும் கழுகு வரும்.

ஏன் அவனுக்கு மட்டும்? கதை சொல்கிறவன் நிலைமையை நினைத்துப் பார். எதிரில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் நெருப்பு எரிகிறது. அதனால் திருட்டு தோற்றது என்று அவன் சொல்ல முடியாது, கேட்கிறவன் அடுப்பைக் காட்டிச் சிரிப்பான். அதே ஆட்கள் விடிந்ததும் அதே தேவனைக் கும்பிடப் போகிறார்கள். அதனால் தேவன் தோற்றான் என்றும் சொல்ல முடியாது. நெருப்பும் இங்கேயே இருக்க வேண்டும், தேவனும் மேலேயே இருக்க வேண்டும். கதையில் இடம் மாற்றிப் போடக்கூடிய ஆள் ஒருவன்தான் மிச்சம். அவனைத்தான் பாறையில் கட்டுகிறார்கள்.

இன்னொன்று. நெருப்பிலிருந்து நெருப்பு எடுத்தால் குறையாது. தேவர்கள் வீட்டு அடுப்பு அணையவில்லை. ஒன்றும் குறையாததால் திருப்பிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை, மன்னித்து முடிக்கவும் வழி இல்லை. குற்றம் பொருள் போனது அல்ல, சொன்ன சொல் மீறப்பட்டது. நீயும் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டாய். பதினாலு பேர் தெரிந்துகொண்டதை உன் முதலாளி எந்த டிராயரில் திருப்பி வைப்பார்? அழுத்தத்தை ஏற்ற முடியாது. ஏற்றினால் அவர்கள் வெளியே வருவார்கள். ஆகவே அவர் முதலாளியாக இருக்க ஒரே வழி, ஒட்டியவரைப் பிடிப்பது.

மாமாவிடம் சொல். இங்கே வந்துவிடுங்கள். இடம் சின்னதுதான், பரவாயில்லை.

தம்பி

---

ஜூன் 10

டேய் பிழைதிருத்தி,

"இன்னும் இல்லை"ன்னு சொன்னியா? வந்து காதைத் திருகறேன்.

அழுத்தமாம்! யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே. பாய்லர்காரர் படிச்சப்ப ஒரு நிமிஷம் நின்னார், அதுக்கு இப்பதான் அர்த்தம் புரியுது. பத்து, ஆறு, தகடு. அவருக்கு அது போதும். மத்தவங்களும் சிரிக்கல. பயத்துல யாரும் எழுத்துப் பிழை பார்க்க மாட்டாங்க போல, உன்னைத் தவிர.

நீ சொன்னது நடந்துடுச்சுடா. நேத்து மேனேஜர் எல்லாரையும் நிறுத்தி, அந்தச் சீட்டைத் தூக்கிப் பிடிச்சு, "அழுக்கு"ன்னு வாசிச்சுச் சிரிச்சார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, வர்ற இருபதாம் தேதி எல்லாருக்கும் சொல்லச் சொல்ல எழுதற பரீட்சைன்னு சொன்னார். டீக்காரி உட்பட. "எவன் கை இந்தத் தப்பைப் பண்ணுதோ, அவன் அன்னிக்கே வீட்டை காலி பண்ணணும், போலீஸுக்கும் போவான்"ன்னார். எங்க ரூம் லாண்டரிக்குப் பின்னாடி, அவங்களோடது. உனக்குத் தெரியும்.

உன் மாமா சட்டி பானையெல்லாம் ரெண்டு தடவை சாக்குல கட்டிட்டார். ரெண்டு தடவையும் டீ போட பாத்திரம் வேணும்னு அவரே பிரிச்சார். மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கறார். நேத்து மட்டும், "உனக்கு எதுக்குடி இந்த வேலை"ன்னார். பதில் சொல்ல ஆரம்பிச்சேன், தூங்கிட்டார்.

"ஈரக்குலை நடுங்குது"ன்னு நாம எத்தனை தடவை சும்மா சொல்லியிருப்போம். இப்பதான் அது எங்க இருக்குன்னு கையை வச்சுக் காட்ட முடியும். உன் கதைக்காரனுக்குக் கழுகு ஈரலையே ஏன் கொத்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. பயம் அங்கதான் குடியிருக்கு. சாயங்காலம் எல்லாரும் போனதும் கொஞ்சம் ஆறுது, தூங்கி எழுந்திரிச்சா முழுசா வளர்ந்து நிக்குது, எட்டு மணிக்கு மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி கொத்த ஆரம்பிக்குது. அடிச்சா ஒரு நாள்ல முடிஞ்சிடும். இது பத்து நாள்.

ஒண்ணு கேக்கறேன். நீ எழுதின கதையில மனுஷங்க எங்கடா? அவன் பாறையில கிடக்கறான். அவன் குடுத்த நெருப்புல சமைச்சவங்க என்ன பண்ணாங்க? ஒருத்தன் கூட ஒரு ஏணியைத் தூக்கிட்டுப் போகலையா? தெரியாதா, இல்ல தெரிஞ்சும் குழம்பு கருகிடும்னு இருந்துட்டாங்களா? இங்க இஸ்திரிக்காரங்க என்னைப் பார்த்தா கண்ணைத் தாழ்த்திக்கறாங்க. நான்தான்னு தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சிருந்தா எதுக்குத் தாழ்த்தறாங்க? நேத்து டீ குடுத்தப்ப ஒருத்தியும் என்னை வம்புக்கு இழுக்கல. எனக்கு அதுதான் பெரிய பயம்.

வேற மாதிரி முடியற கதை நூறுல ஒண்ணாவது இருக்கா? இருந்தா எழுது. சும்மா மனசைத் தேத்தறதுக்கு எழுதாத. இருந்தா மட்டும் எழுது.

அக்கா

---

ஜூன் 13

அக்கா,

மனிதர்களைப் பற்றிக் கேட்டாய். கேட்ட பிறகு அந்தப் பக்கங்களை மறுபடி முழுக்கப் பார்த்தேன். அவர்கள் ஏணி எடுத்துப் போனதாக ஒரு வரி இல்லை. கடைசியில் அவனை விடுவிப்பவன் தலைமைத் தேவனின் சொந்த மகன். அதற்கும் அப்பாவின் சம்மதம் உண்டு, மகனுக்குப் பேர் கிடைக்கட்டும் என்று. மனிதர்களுக்கும் தண்டனை கிடைத்தது, அது தனி. ஒரு பெண்ணைச் செய்து அனுப்பினார்களாம், அவள் வந்ததிலிருந்துதான் கஷ்டம் என்று கதை. நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதை எழுதியவன் அன்றைக்குப் பெண்டாட்டியிடம் நன்றாக வாங்கியிருப்பான் என்பாய்.

ஆனால் அதையே நம்பாதே என்பதுதான் நான் சொல்ல வந்தது. நன்மை அடைந்தவர்கள் மலை ஏற மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏறினால் தங்கள் கையில் இருக்கும் நெருப்பும் திருட்டுப் பொருள் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கண்ணைத் தாழ்த்துவது அதனால்தான். யாரிடமும் எதுவும் சொல்லாதே.

செய்ய வேண்டியது ஒன்றுதான். "அழுத்தம்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை எழுது. "அழுத்தத்தை" என்று நூறு. எழுதிய தாளை அடுப்பில் போடு. இருபதாம் தேதி உன் கை மட்டும் சரியாக எழுதினால் உன்னைத் தொட மாட்டார்கள். இது பிழைதிருத்துகிறவன் பேச்சு, நம்பு.

வேறு மாதிரி முடியும் கதைகள் இருக்கின்றன. மறைக்க மாட்டேன். உண்மையில் நூறில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஒரு மிகப் பழைய பாடலில் எங்கோ தொலைவிலிருந்து நெருப்பைக் கொண்டு வந்தவனைத் தூதன் என்று புகழ்கிறார்கள், யாரும் அவனைத் தண்டிக்கவில்லை. தீவுக்காரர்கள் கதை ஒன்றில் நகத்தில் நெருப்பு வைத்திருக்கும் ஒரு கிழவியை ஒருவன் ஏமாற்றி நகம் நகமாக வாங்குகிறான். அவள் விரட்டுகிறாள், தப்பித்துவிடுகிறான். எங்கே தண்டனை வருகிறது என்று நான் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். மேலே ஒற்றை ராஜா மாதிரி ஒரு தேவன் உட்கார்ந்து, அவன் சொல்தான் சட்டம் என்று இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் பாறையும் சங்கிலியும். நெருப்பை யாரோ கஞ்சத்தனமாகப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் இருக்கும் இடங்களில் திருடன் சிரித்துக்கொண்டே போகிறான்.

அப்படி ஒன்று: மலை உச்சியில் சிலர் நெருப்பைக் காவல் காக்கிறார்கள். நரி மாதிரி ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. காவல்காரர்கள் வால் நுனியைப் பிடிக்கிறார்கள், நுனி வெளுத்துப் போகிறது. அது நெருப்பை அணிலிடம் எறிகிறது. சூட்டில் அணிலின் வால் முதுகுமேல் சுருண்டுகொள்கிறது. அணில் இன்னொன்றிடம், அது தவளையிடம். தவளை வாலையே இழக்கிறது. கடைசியில் தவளை மரத்தின் மேல் துப்புகிறது, மரம் விழுங்கிவிடுகிறது. மரத்திலிருந்து பிடுங்கக் காவல்காரர்களுக்குத் தெரியவில்லை. கட்டையைக் கடைந்தால் தீ வருவது அதனால்தானாம். யாருக்கும் பாறை இல்லை. எல்லாருக்கும் ஒரு சின்ன வடு.

உனக்கு இது பிரயோஜனப்படாது. உன் முதலாளி ராஜா மாதிரி. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். நூறு தடவை. மறக்காதே.

தம்பி

---

ஜூன் 16

தம்பி,

நீ சொன்னபடி எழுதறேன். அழுத்தம் அழுத்தம் அழுத்தம். கை வலிக்குது. உன் மாமா, "யாருக்கு லவ் லெட்டர்"ன்னார். முப்பது வருஷத்துல அவர் சொன்ன மொத ஜோக், அதுக்குச் சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்ல.

ஒரு காரியம் பண்ணிட்டேன். இஸ்திரி ஹால்ல ஒருத்தி இருக்கா, நாங்க அவளை ரேடியோன்னு கூப்பிடுவோம். அவகிட்ட சொன்னா பொட்டியில போட்டுப் பூட்டின மாதிரின்னு அவளே சொல்லுவா. பொட்டிக்குச் சுவரே கிடையாது. இன்னிக்கு டீ குடுக்கறப்ப, "நான்தான்டி ஒட்டினேன்"னு சொல்லிட்டேன். அவ இஸ்திரியைத் தூக்கிப் பிடிச்சபடி நின்னா. "தெரியும்"னா. "அழுக்குன்னு எழுத இங்க வேற யாரு இருக்கா"ன்னா.

அணில் கதையை அவகிட்ட சொன்னேன். பாறைக் கதையைச் சொல்லல. அவ விரிப்பை மடிச்சா. மடிச்ச விரிப்புல இஸ்திரி பட்டுப் பழுப்பா ஒரு தழும்பு விழுந்துடுச்சு. அதையும் அவ கவனிக்கல.

எனக்கு என்ன வேணும்னு நான் வாயைத் திறந்து கேக்கல. கேட்டா அது கடன் மாதிரி ஆயிடும். ஆனா சொல்லிட்டேன். தப்புப் பண்ணிட்டேனாடா?

அக்கா

---

ஜூன் 18

அக்கா, இது விரைவு அஞ்சல்.

ஏன் சொன்னாய்? ஏன்? அவள் நல்லவளாகவே இருக்கட்டும், பயந்தவள் ஒருத்தி போதும். மேனேஜர் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால்? நான் அந்தக் கதையை அனுப்பியிருக்கவே கூடாது. என் புத்தி.

நேற்று ஒரு பக்கத்தில் "தண்டனை" என்பதை நானே "தண்டனே" என்று விட்டுவிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

இருபதாம் தேதி சரியாக எழுது. மற்றவர்கள் என்ன எழுதினாலும் நிமிர்ந்து பார்க்காதே. உன் தாளை மட்டும் பார். சாக்கை மாமா பிரிக்காமல் வைத்திருக்கட்டும். நான் அடுத்த சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் கேட்டிருக்கிறேன்.

தம்பி

---

ஜூன் 22

டேய் தம்பி,

ரயிலை ரத்து பண்ணு. இல்ல, வேணாம், வா. ரெண்டு வருஷமாச்சு பார்த்து. ஆனா சாக்குத் தூக்கறதுக்கு வர வேணாம்.

வரிசையா சொல்றேன், இடையில கேள்வி கேக்காத.

மடிக்கற ஹால்ல பெஞ்சு போட்டாங்க. இருபத்திரண்டு பேர். பாய்லர்காரர் என் இடப்பக்கம், ரேடியோ வலப்பக்கம். நான் உக்காந்த பெஞ்சு ஆடுது, முன்னால இருந்தவன் திரும்பிப் பார்த்தான். மேனேஜர் செருப்பைத் தேய்ச்சுக்கிட்டே நடந்து, சுத்தி வளைக்காம அதே வரியைச் சொன்னார். "கொதிகலன் அழுத்தத்தைப் பத்திலிருந்து ஆறாகக் குறைக்க வேண்டும்." மூணு தடவை சொன்னார். ஒவ்வொரு "அழு"வுக்கும் ஒவ்வொருத்தர் முகத்தைப் பார்த்தார்.

நான் எழுதினேன். உன் பேச்சைக் கேட்டு நிமிரல. கை தானா போச்சு, நூறு நூறா எழுதின கை. எழுதி முடிச்சுத்தான் வலப்பக்கம் கண்ணு போச்சு. ரேடியோ தாள்ல, யானை சைஸ் எழுத்துல, "அழுக்கை". இடப்பக்கம் பார்த்தேன். பாய்லர்காரர். இருபத்திரண்டு வருஷமா அந்த முள்ளையே பார்த்துக்கிட்டு இருக்கற மனுஷன், தினமும் அழுத்தம்னு நோட்டுல எழுதற மனுஷன். அவர் "அழுக்கை"ன்னு எழுதி, 'க'வுக்கு மேல புள்ளி வைக்க மறந்து, திரும்பிப் போய் வச்சார்.

எல்லாரும்டா. எழுத்தே வராத ரெண்டு பேர் இருக்காங்க, பக்கத்துல பார்த்துப் படம் மாதிரி வரைஞ்சிருந்தாங்க. அதுவும் அழுக்குதான். வேன் ஓட்டறவன் மட்டும் வெத்துத் தாளைக் குடுத்துட்டான், அவனுக்குக் குழந்தை ரெண்டு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாக்கி இருபது பேர் அழுக்கு. நான் ஒருத்திதான் சரியா எழுதியிருந்தேன்.

ஒட்டினது நான். மாட்டாதது நான் ஒருத்தி. இதுக்குத்தான் என்னை நூறு தடவை எழுத வச்சியா?

மேனேஜர் ஒவ்வொரு தாளா திருப்பினார். மொதல்ல, "ஹா, மாட்டினான்"னார். ரெண்டாவதுக்கும் "ஹா"ன்னார். அஞ்சாவதுக்கு அப்புறம் சத்தத்தைக் காணோம். என் தாள் வந்ததும் தூக்கிப் பிடிச்சார். "பாருங்கடா, எழுத்தே தெரியாதுன்னு நினைச்ச டீக்காரி! ஒழுங்கா எழுதியிருக்கறது இவ ஒருத்திதான்!" எனக்கு முகமெல்லாம் தீ. இருபது பேர் வாலை நெருப்புல விட்டிருக்காங்க, பாராட்டு எனக்கு. எழுந்திரிச்சேன். "சார், அது நான்…"ன்னு ஆரம்பிச்சேன். பாய்லர்காரர் என் பாதத்துல ஏறி நின்னார். பூட்ஸ் காலோட, முழு எடையையும் போட்டு. முகம் மட்டும் சன்னலைப் பார்த்துக்கிட்டு இருக்கு. "என்னம்மா?"ன்னார் மேனேஜர். "கால் சார்"னேன். "உக்காரு"ன்னார். உக்காந்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப் போச்சு.

மலைக்கு யாரும் ஏற மாட்டாங்கன்னு எழுதினியே. ஏறினாங்கடா. என் கால்மேல ஏறினாங்க.

மேனேஜர் முதலாளி ரூமுக்குப் போய் அரை மணி நேரம். நான் டீ கொண்டு போற சாக்குல வாசல்ல நின்னேன். "இருபது பேரை அனுப்பினா நாளைக்கு ஆஸ்பத்திரி விரிப்பை நீ துவைப்பியா?"ன்னார் முதலாளி. மேனேஜர், "போலீஸ்ல குடுத்துடலாம் சார்"னார். "குடு. என்ன திருடு போச்சுன்னு கேப்பான். காகிதம் டிராயர்லதான் இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு கேப்பான். படிச்சுக் காட்டுவியா?" உன் கதைத் தேவனுக்கு இந்தத் தொல்லை இல்ல பாரு. அவன் நெருப்பை ஒளிச்சது நான்தான்னு ஊருக்கே சொல்லிட்டு கோபப்படலாம். இவருக்கு ஒளிச்சதையும் ஒளிக்கணும். சங்கிலி எடுத்தா அது எதுக்குன்னு சொல்லணும். டீ ஆறிப் போச்சு.

ஆனாலும் விட மாட்டாங்களே. ராஜான்னா எதையாவது பண்ணித்தான் ஆகணும். நேத்து காலைல அறிவிப்பு போட்டாங்க: தப்பா எழுதின இருபது பேரும் வேலை முடிஞ்சு தினம் அரை மணி நேரம் எழுத்துப் பயிற்சிக்கு உக்காரணும், மூணு மாசத்துக்கு. அவ்வளவுதான் தண்டனை. எல்லாருக்கும் ஒரு சின்ன வடு, உன் அணில் மாதிரியே. பாய்லர் ஆறுலயே நிக்குது. புதுத் தகடுக்கு ஆள் வந்து அளந்துட்டுப் போயிருக்கான்.

சொல்லிக் குடுக்கப் போறது யாருன்னு கேக்காத. சரியா எழுதினவதான் சொல்லிக் குடுக்கணுமாம்.

எனக்கு இன்னும் பயம் போகலடா. செருப்புச் சத்தம் கேட்டா ஈரக்குலை முன்ன மாதிரியே எகிறுது. மேனேஜர் என்னைப் பார்த்து இப்ப சிரிக்கறார், அது இன்னும் மோசம். என்னிக்காவது ரெண்டும் ரெண்டும் நாலுன்னு கூட்டிப் பார்த்துடுவார். ஆனா கொத்தறப்ப பக்கத்துல இருபது பேர் இருக்காங்க. ரேடியோ நேத்து, "டீச்சரம்மா, டீயில அழுத்தம் கம்மி"ன்னா. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் மொத வம்பு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, டீ சூடுன்னு சொல்லிட்டேன்.

இன்னிக்கு மொத வகுப்பு. ஹால்ல கரும்பலகை இல்ல, கஞ்சி போடற தொட்டிக்கு மேல சுவர்ல எழுதச் சொன்னாங்க. சுவரோரமா இருக்கற தொட்டி விளிம்புல ஏறி நின்னு, "வணக்கம்"னு எழுதினேன். எல்லாருக்கும் தெரியட்டும்னு ஒரு அடி பின்னால வச்சேன். தொட்டி நிறைஞ்சிருந்துச்சு. இடுப்பு வரைக்கும் கஞ்சி. வகுப்பை முழுசா நடத்தி முடிச்சேன். வீட்டுக்கு வர்றதுக்குள்ள காத்துல காய்ஞ்சிடுச்சு. உடம்பை விட்டுக் கழட்டினேன், துணி மூலையில தானா நிக்குது. உன் மாமா அதுக்கு டீ குடுத்துட்டுப் படுக்கப் போயிட்டார்.

அக்கா